மேலதிகாரிக்குக் கிடைக்கும் புன்னகை

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு டீம் லீட், வயது 34. அவருடைய குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பெண்ணுக்கு 25. கொஞ்ச நாளாகவே இந்தப் பெண்ணுக்குத் தன்மேல் விருப்பம் இருக்கிறதோ என்று அவருக்குத் தோன்றுகிறது. கேட்டால் காரணங்களும் சொல்வார். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாலும் சிரிப்புப் படத்தோடு உடனே பதில் வருகிறது. அவர் அடிக்கும் ஜோக்குக்கு அவள்தான் முதலில் சிரிக்கிறாள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் இருந்து வேலையை முடித்துக் கொடுக்கிறாள். வேளச்சேரி வரை காரில் விடட்டுமா என்று கேட்டபோது ஏறிக்கொண்டாள். வழியில் அப்பாவின் உடல்நிலையைப் பற்றி மனம்விட்டுப் பேசினாள்.

இவற்றில் எதுவும் அவருடைய கற்பனை இல்லை. எல்லாம் நடந்தவை. ஆனாலும் இவற்றை வைத்து அவளுடைய மனதில் என்ன இருக்கிறது என்று அவரால் சொல்லவே முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு செயலிலிருந்து ஒருவரின் விருப்பத்தை அறிய வேண்டும் என்றால், விருப்பம் இல்லாதவர் அந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வார் என்பது உறுதியாக இருக்க வேண்டும். கல்லூரித் தோழி ஒருத்தி உங்கள் ஜோக்குக்குச் சிரிக்கிறாள் என்றால் அதில் ஏதோ ஒரு செய்தி இருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். அதனால் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. டீம் லீடின் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பது அப்படி இல்லை. வருடக் கடைசியில் ரேட்டிங் போடுபவர் அவர். ஆன்சைட்டுக்கு யார் பெயரை அனுப்புவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது, தீபாவளிக்கு யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் கையில். விருப்பம் உள்ள பெண்ணும் சிரிப்பாள். விருப்பமே இல்லாமல், வேலை கெடாமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் பெண்ணும் அதே சிரிப்பைத்தான் சிரிப்பாள். இருவரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இடத்தில் அந்தச் சிரிப்பு எதற்கும் சாட்சி ஆகாது.

அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். இரவில் வரும் பதில்: தாமதித்தால் 'பொறுப்பு இல்லை' என்று பெயர் வரும், எனவே பதில் வரும். சிரிப்புப் படம்: வெறும் 'ஓகே' போட்டால் கோபமாக இருப்பதுபோலத் தெரியும், எனவே படமும் வரும். கார்ப் பயணம்: 'வேண்டாம் சார், பஸ்ஸில் போய்க்கிறேன்' என்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம். அப்பாவைப் பற்றிய பேச்சுகூட, வரும் மாதங்களில் லீவு தேவைப்படும் என்பதற்கான முன்னறிவிப்பாக இருக்கலாம். அல்லது முக்கால் மணி நேரம் ஒரே காரில் மௌனமாக உட்கார்ந்திருப்பதைவிட ஏதாவது பேசுவது எளிது என்பதாகவும் இருக்கலாம்.

தி.நகர் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண் 'இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு' என்றால் யாரும் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்வதில்லை. அது அவருடைய வேலையின் ஒரு பகுதி என்று நமக்குத் தெரியும். அர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதிய புத்தகத்தில், முகத்தையும் குரலையும் இதமாக வைத்திருப்பதும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்புதான் என்று காட்டினார். அலுவலகத்தில் அந்த உழைப்பை வாங்குபவர் வாடிக்கையாளர் அல்ல, மேலதிகாரி. அது தனக்காகச் செய்யப்படும் உழைப்பு என்பது அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.

தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் அவருடைய இருக்கையிலேயே இருக்கிறது. ஜோனத்தன் கன்ஸ்ட்மன், ஜான் மேனர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு ஒரு வேலையில் தலைமைப் பொறுப்பைக் கொடுத்து, எதிர்பாலினத்தவர் ஒருவரைக் கீழே பணிபுரிய வைத்தார்கள். அதிகாரம் கிடைத்தவர்கள், கீழே இருப்பவருக்குத் தங்கள்மேல் ஈர்ப்பு இருப்பதாக உள்ளதைவிட அதிகமாக எடைபோட்டார்கள். தலைமைப் பொறுப்பு ஆய்வுக்கூடத்தில் சற்று நேரத்துக்குத் தரப்பட்டதுதான். அதற்கே இந்த விளைவு என்றால், வருடக்கணக்கில் ரேட்டிங் போட்டவரின் பார்வையில் எவ்வளவு சாய்வு இருக்கும்! ஆக, இங்கே கோளாறு இரண்டு பக்கமும் இருக்கிறது. கீழே இருப்பவரால் மனதில் உள்ளதை அப்படியே காட்ட முடியாது. மேலே இருப்பவரோ, காட்டியதற்கும் மேலாகப் பார்க்கிறார்.

'அப்படியென்றால் நேராகக் கேட்டுவிடுகிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும், நான் ஒன்றும் தவறாக நினைக்க மாட்டேன்' என்று பலர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தவறாக நினைக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? 'முடியாது' என்று சொல்லி, அடுத்த அப்ரைசல் வந்து போன பிறகுதான் தெரியும். அதுவரை அவள் பணயம் வைப்பது தன் வேலையை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வனெஸ்ஸா போன்ஸும் லாரன் டெவின்சென்ட்டும் முதுநிலை மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், காதலைச் சொன்னவர்கள், அதை மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பதைக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். அந்த ஆய்வு மேலதிகாரிகளை மட்டும் பற்றியது அல்ல. பொதுவாகவே கேட்பவருக்கு இது புரிவதில்லை. சம்பளமும் சேர்ந்து நிற்கும் இடத்தில் புரிவது இன்னும் கடினம்.

இந்த இடத்தில்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயம் வருகிறது. கீழே இருப்பவரின் 'ஆம்' நம்பத்தகாதது. ஆனால் அவருடைய 'இல்லை' மிகவும் நம்பத்தக்கது. காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். 'ஆம்' என்று காட்டுவதற்குச் செலவு இல்லை. பலசமயம் அதுதான் பாதுகாப்பு. 'இல்லை' என்று காட்டுவதற்கு விலை உண்டு. விலை கொடுத்தும் ஒருவர் தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கம் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அது உண்மையானது.

நம் ஊரில் அந்த 'இல்லை' பெரும்பாலும் 'இல்லை' என்ற சொல்லோடு வருவதில்லை. 'பார்க்கலாம் சார்' என்று வரும். 'இந்த வாரம் கொஞ்சம் கஷ்டம் சார்', 'ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க', 'எல்லாரும் சேர்ந்து போலாமே சார்' என்று வரும். இவற்றுக்கெல்லாம் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: வேறு நாள் சொல்லப்படாது. வர விரும்புகிறவர், சனிக்கிழமை முடியாது என்றால் ஞாயிறு வரட்டுமா என்று கேட்பார். காபிக்குக் கூப்பிட்டால் கூடவே ஒரு தோழியை அழைத்து வருவது, காரில் பின் இருக்கையில் ஏறுவது, வேலை பற்றிய செய்திக்கு நொடியில் பதில் அனுப்பிவிட்டுச் சொந்தக் கேள்விக்கு மறுநாள் ஒரு சிரிப்புப் படம் மட்டும் அனுப்புவது, 'சார்' என்ற சொல்லை முன்பைவிட அழுத்திச் சொல்வது, பேச்சில் தன் அண்ணனையோ வரப்போகும் வரனையோ இழுத்து வருவது எல்லாம் இந்த வகைதான். நம் டீம் லீட் சிரிப்புப் படங்களை எண்ணினார். அவள் வேளச்சேரிக்கு ஒரே ஒரு முறைதான் காரில் வந்தாள், அடுத்த முறைகளில் 'கேப் புக் பண்ணிட்டேன் சார்' என்றாள் என்பதை அவர் எண்ணவில்லை. அவருக்குக் கிடைத்ததிலேயே நம்பக்கூடிய தகவல் அது ஒன்றுதான்.

சட்டமும் இதே வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மிஷெல் வின்சன் என்ற பெண் 1974-இல் ஒரு வங்கிக் கிளையில் பயிற்சிக் காசாளராகச் சேர்ந்தார். தகுதியால் உதவிக் கிளை மேலாளர் வரை உயர்ந்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மேலதிகாரியின் விருப்பத்துக்குப் பல முறை இணங்கியதாகவும், அதே பயத்தால் வங்கியில் புகார் செய்யவில்லை என்றும் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். மேலதிகாரி அதை மறுத்தார். 1986-இல் அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்தது: அவர் வலுக்கட்டாயம் இல்லாமல் இணங்கினாரா என்பது கேள்வி அல்ல, அந்த நடத்தை அவருக்கு வேண்டியதாக இருந்ததா என்பதே கேள்வி. இந்தியாவில் 1997-இன் விசாகா தீர்ப்பும், அதன் வழியில் வந்த 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் 'வேண்டாத நடத்தை' என்பதையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. வேலையில் சலுகை தருவதாகவோ, வேலைக்குக் கேடு வரும் என்றோ மறைமுகமாகத் தோன்றும்படி செய்வதும் அந்தச் சட்டத்தில் கணக்கில் வரும். டீம் லீட் வாய்விட்டு எந்த மிரட்டலும் விடுக்க வேண்டியதில்லை. ரேட்டிங் போடுபவர் என்பதே அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் நிற்கிறது.

அலுவலகத்தில் சந்தித்துத் திருமணம் செய்து நன்றாக வாழ்பவர்கள் எத்தனையோ பேர். கீழே இருப்பவருக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்கவும் கூடும். அது நடக்காது என்று நான் சொல்லவில்லை. மேலே இருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். பெண் மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்யும் இளைஞனின் சிரிப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

உணர்வு உண்மையானது என்று நம் டீம் லீட் நினைத்தால், அதைச் சொல்வதற்கு முன் அதிகாரத்தை இறக்கிவைக்க வேண்டும். இடம் மாற வேண்டியவர் அவர்தான், அவள் அல்ல. நல்ல ப்ராஜெக்ட்டிலிருந்து அவளை வேறு குழுவுக்கு அனுப்பினால், அவருடைய ஆசைக்கு அவள் விலை கொடுத்ததாகிவிடும். வேறு குழு கேட்டு அவர் போகலாம். போன பிறகும் ஒரு அப்ரைசல் சுற்றாவது முடியட்டும். ஏனென்றால் 'பழைய லீடிடம் கேட்டுப் பாருங்கள்' என்று புது மேலாளர் ஃபோன் செய்வது வழக்கம். அந்த ஒரு ஃபோனிலும் அதிகாரம் மிச்சம் இருக்கிறது. அந்த இடைவெளியில், பேச வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும் அவள் தானாகப் பேசுகிறாளா என்பது தெரியவரும். அப்போது வரும் செய்தியில்தான் ஏதாவது பொருள் இருக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலான சமயங்களில் செய்திகள் மெல்ல நின்றுபோகும். அதுவும் பதில்தான்.

கீழே இருப்பவரே முதலில் சொன்னால்? அப்போதும், அவர் உங்களுக்குக் கீழே இருக்கும்வரை பதில் ஒன்றுதான். 'உன் ரேட்டிங் என் கையில் இருக்கும்போது இதைப் பற்றி நான் பேசக்கூடாது. நீ சொன்னதால் உன் வேலையில் எதுவும் மாறாது' என்று சொல்லிவிட வேண்டும். பிறகு மறுநாள் காலை மீட்டிங்கில் முன்பு போலவே அவருக்கு வேலை கொடுக்க வேண்டும், அவர் சொல்வதை முன்பு போலவே கேட்க வேண்டும். இரவுச் செய்திகளையும் தனியாகக் காரில் அழைத்துப் போவதையும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.