கட்டுரையில் '78% ஏஐ' என்று வந்தால்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணுக்குப் பதில் '78% ஏஐ' என்ற குறிப்போடு அது திரும்பி வருகிறது. அம்மாவின் போனுக்கும் மிஸ்ஸிடமிருந்து செய்தி: "நாளைக்கு வந்து பாருங்க." பள்ளிக்குக் கிளம்புமுன் அந்த 78 எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று மூலத்தையே காட்டிவிடும். ஏஐ கண்டறியும் மென்பொருளுக்குக் காட்ட மூலம் எதுவும் கிடையாது. அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதாக ஊகிக்க முடிகிறதா, வாக்கியங்களெல்லாம் ஒரே அளவில் ஓடுகின்றனவா என்பது போன்ற அடையாளங்களை வைத்து அது கணிக்கிறது. பாடப்புத்தகத்திலிருந்தும் கைடிலிருந்தும் ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகள் பலர் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியதாகக் கருவிகள் சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. ஆகவே 78 என்பது சந்தேகத்துக்கு ஒரு காரணம் மட்டுமே, குற்றத்துக்குச் சாட்சியம் ஆகாது.

அதற்காக மகள் எதுவும் செய்திருக்க மாட்டாள் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. "நீ செஞ்சியா, இல்லையா?" என்று கேட்டால் பயத்தில் "இல்லை" என்றுதான் வரும். "எப்படி எழுதினேன்னு முதல்லேர்ந்து காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். பல வீடுகளில் விஷயம் இங்கேதான் வெளிவரும். தமிழில் யோசித்ததைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு எடுத்திருப்பாள். அல்லது கிராமர்லி ஒரு பத்தியையே மாற்றி எழுதித் தந்திருக்கும். இதெல்லாம் ஏஐ கணக்கில் வரும் என்றே பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் கணினியில் File > Version history > See version history என்று திறந்து பாருங்கள். கட்டுரை ஒரு மாலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா, ஒரே நிமிடத்தில் முழுதாக வந்து விழுந்ததா என்பது அதில் ஓரளவு தெரியும். நோட்டில் எழுதிப் பிறகு டைப் செய்திருந்தால் அந்த அடித்தல் திருத்தலோடு நோட்டையே எடுத்துப் போகலாம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் வேண்டாம். பள்ளி கேட்டருகே நின்று பேசுவதும் வேண்டாம். தனியாக நேரம் கேட்டு மகளையும் அழைத்துப் போங்கள். உட்கார்ந்ததும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வை எடுத்து நீட்டினால் மிஸ் தன் நிலையைக் காக்கத்தான் பார்ப்பார். "மிஸ், இதுல எந்த இடம் உங்களுக்குச் சந்தேகமா பட்டுச்சு?" என்று தொடங்குங்கள். எண்ணை விட நல்ல காரணம் அவரிடம் இருக்கலாம். மூன்றாவது பத்தியைக் காட்டி, "இன்டிஸ்பென்சபிள்னு இவ எழுதி நான் பார்த்ததே இல்ல. கிளாஸ் டெஸ்ட்ல இவ எழுத்து வேற மாதிரி இருக்கு" என்கிறார் என்று வையுங்கள். தினமும் நாற்பது நோட்டுகளைத் திருத்துகிறவரின் காது அது, மதிக்க வேண்டும்.

இப்போது பேச வேண்டியவள் மகள். "மத்ததெல்லாம் நானே எழுதினது மிஸ். அந்தப் பத்தியை மட்டும் தமிழ்ல எழுதி டிரான்ஸ்லேட் பண்ணினேன்" என்று அவளே சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கினால் அது அம்மாவின் வாதமாகிவிடும். பிறகு உங்கள் கோரிக்கையைச் சொல்லுங்கள்: "அந்தப் பத்தியை இங்கேயே உங்க முன்னாடி எழுதட்டும் மிஸ். மத்த பத்திகள்ல என்ன வேணும்னாலும் அவகிட்டயே கேளுங்க." தானே எழுதிய பிள்ளை, ஏன் அந்த உதாரணத்தை எடுத்தாள், எதை முதலில் எழுதி அடித்தாள் என்று திணறாமல் சொல்லிவிடும்.

முழுக் கட்டுரையையும் ஏஐயிடம் வாங்கியிருந்தால், அதையும் அவளே ஒப்புக்கொண்டு, மறுபடி எழுத வாய்ப்புக் கேட்பதுதான் சரி. எதுவுமே செய்யவில்லை, ஆனாலும் மிஸ் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் குரலை உயர்த்த வேண்டாம். எந்தக் கருவி, எந்த வாக்கியங்கள், பள்ளியின் விதி என்ன என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு, ஒருங்கிணைப்பாளருக்கோ தலைமையாசிரியருக்கோ நோட்டின் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். முடிவு தெரியும்வரை மகளின் பதிவேட்டில் எதையும் எழுத வேண்டாம் என்றும் அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்திருக்கும்முன் மிஸ்ஸிடம் இன்னொன்றையும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: அடுத்த கட்டுரைக்கு டிரான்ஸ்லேட் பயன்படுத்தலாமா, கிராமர்லியில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தலாமா, அதைக் கட்டுரையின் அடியில் குறிப்பிட வேண்டுமா?