எவர்சில்வர் பாத்திரத்தின் தரமும் காந்தச் சோதனையும்

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது சிறு காந்தம் ஒன்றை அதன்மீது வைத்துப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உள்ளது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல தரம், ஒட்டினால் மட்டமான தரம் என்று அவர்கள் கொள்கின்றனர். இக்கருத்தில் ஒரு பகுதியே உண்மை. காந்தம் ஒட்டாத பாத்திரமும் சில மாதங்களில் துருப்புள்ளிகள் காட்டலாம். காந்தம் ஒட்டும் பாத்திரம் தனக்குரிய பயன்பாட்டில் பல ஆண்டுகள் உழைக்கலாம். காந்தம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

துருப்பிடிக்காமல் காப்பது எது?

எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் துருப்பிடிக்கா எஃகின் பெரும்பகுதி இரும்பே ஆகும். அதனுடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்க்கப்படுகிறது. இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலத்தைப் பாத்திரத்தின் மேற்பரப்பில் உருவாக்குகிறது. நீரும் காற்றும் உள்ளிருக்கும் இரும்பை அடையாமல் தடுப்பது இப்படலமே. பாத்திரத்தில் கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டவுடன் படலம் மீண்டும் உருவாகிவிடும்.

இப்படலத்தின் முதன்மையான எதிரி உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, படலத்தை ஓரிடத்தில் துளைத்து, ஊசிமுனை அளவிலான குழியை ஏற்படுத்துகிறது. குரோமியம் குறைவாக உள்ள எஃகில் இக்குழிகள் எளிதில் தோன்றும். பாத்திரங்களின் தரவேறுபாடு இங்கிருந்தே தொடங்குகிறது.

பாத்திரங்களில் காணப்படும் மூன்று வகைகள்

முதல் வகை, 304 எனப்படும் எஃகு. இதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. இதனால் இதனை 18/8 என்றும் குறிப்பிடுவர். உப்பும் புளிப்பும் கலந்த சமையலை நன்கு தாங்கும்.

இரண்டாம் வகை, 200 வரிசை எஃகு. நிக்கல் விலை மிகுந்த உலோகம் என்பதால், அதன் பெரும்பகுதிக்கு மாற்றாக இதில் மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. மலிவான சில வகைகளில் நிக்கல் சுமார் 1 விழுக்காடும், குரோமியம் 15 முதல் 16 விழுக்காடும் மட்டுமே இருக்கும். பார்வைக்கு 304 போலவே பளபளக்கும். ஆனால் உப்பைத் தாங்கும் திறன் குறைவு.

மூன்றாம் வகை, 430 எனப்படும் எஃகு. இதில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் உண்டு. நிக்கல் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை.

காந்தம் உண்மையில் காட்டுவது எதை?

காந்தம் எந்த உலோகம் எவ்வளவு கலந்துள்ளது என்பதை அளப்பதில்லை. எஃகினுள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைக்கே அது எதிர்வினை காட்டுகிறது. சாதாரண இரும்பின் அணு அடுக்கு காந்தத்தை ஈர்க்கும். 430 எஃகிலும் அதே அடுக்கு அமைந்துள்ளதால் காந்தம் பலமாக ஒட்டுகிறது.

எஃகில் போதிய நிக்கல் சேர்ந்தால் அணுக்கள் வேறு முறையில் அடுங்கி, ஈர்க்கும் தன்மை மறைந்துவிடும். எனவேதான் 304 எஃகில் காந்தம் ஒட்டுவதில்லை. ஆனால் மாங்கனீசும் அதே அடுக்கு நிலைபெற உதவுகிறது. ஆகவே 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. 304 எஃகையும் மலிவான 200 வரிசை எஃகையும் காந்தத்தால் வேறுபடுத்த இயலாமைக்கு இதுவே காரணம்.

ஒரு வீட்டின் மூன்று பாத்திரங்கள்

ஒரு வீட்டில் சாப்பாட்டுத் தட்டு, குழம்புப் பாத்திரம், உப்பு டப்பா ஆகிய மூன்றையும் சோதிப்பதாகக் கொள்வோம்.

தட்டின் எல்லா இடங்களிலும் காந்தம் பலமாக ஒட்டுகிறது. இது 430 போன்ற நிக்கல் இல்லாத எஃகாக இருக்கக்கூடும். உண்டு முடித்தவுடன் கழுவித் துடைக்கப்படும் தட்டுக்கு இது போதுமானது. உப்பும் புளியும் கலந்த உணவை நெடுநேரம் வைத்திருக்க ஏற்றதன்று.

குழம்புப் பாத்திரத்தின் நடுவில் காந்தம் ஒட்டவில்லை. விளிம்பிலும் வளைவிலும் மட்டும் இலேசாக இழுக்கிறது. இதனைக் கலப்படம் என்று கருத வேண்டியதில்லை. தகட்டை அச்சில் அழுத்திக் குழியாக்கும்போது, மிகுதியாக வளைந்த இடங்களில் அணு அடுக்கு சிறிதளவு மாறுகிறது. 304 எஃகிலும் இது நிகழும். எனவே காந்தத்தை அதிகம் வளையாத தட்டையான பகுதியில் வைத்தே சோதிக்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டும் தகடு வேண்டுமென்றே பொருத்தப்படுகிறது. அவற்றின் பக்கச்சுவரைச் சோதிப்பதே முறை.

உப்பு டப்பாவில் எங்கும் காந்தம் ஒட்டவில்லை. ஆயினும் சில மாதங்களில் உட்புற அடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, துடைத்த பின்னும் மீண்டும் வருகின்றன. விரலால் தடவினால் சிறு குழிகள் தட்டுப்படுகின்றன. காந்தச் சோதனையில் தேறிய 200 வரிசை எஃகு, ஈர உப்பில் தோற்பது பெரும்பாலும் இவ்வாறே. ஈர உப்பு நெடுநாள் தங்கினால் 304 எஃகும் பாதிக்கப்படலாம். உப்பு, ஊறுகாய் ஆகியவற்றுக்குக் கண்ணாடி அல்லது பீங்கான் சாடியே ஏற்றது.

உடல்நலத்தோடு உள்ள தொடர்பு

பாத்திரத்தில் தோன்றும் சிறிதளவு துரு நஞ்சன்று. ஆனால் குழிகளில் உணவுத் துணுக்குகள் தங்கும்; அவற்றை முழுமையாகக் கழுவி நீக்குவது கடினம். குழிகள் பெருகிய பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

புளி, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்களை நெடுநேரம் கொதிக்கவைக்கும்போது மிகச் சிறிதளவு நிக்கலும் குரோமியமும் உணவில் கலக்கும். புதிய பாத்திரத்தில் இது கூடுதலாக இருந்து, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும். பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் புளிப்பான உணவை எவர்சில்வரில் சமைத்து வைப்பது குறித்து மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். அவர்களுக்கு, காந்தம் பலமாக ஒட்டும் நிக்கல் இல்லாத எஃகே பொருத்தமானதாக அமையலாம்.

வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும்

எஃகின் வகையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையும் அதனுடன் உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 14756 ஆகும். உரிம எண் உண்மையானதா என்பதை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். உலோகக் கலவையை உறுதியாக அறிய ஆய்வகச் சோதனை தேவை.

சமைக்கும்போது நீர் கொதித்த பின்னரே உப்பைச் சேர்த்துக் கலக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இட்ட உப்பு கரையாமல் அடியில் படிந்து குழிகளை உண்டாக்கும். உப்பிட்ட உணவை இரவு முழுவதும் பாத்திரத்தில் விடுதல் கூடாது. இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். மென்மையான நாரே போதும். கழுவிய பாத்திரத்தை ஈரம் போகத் துடைத்துவைத்தால், உப்பு நீர் உலர்ந்து படிவதைத் தவிர்க்கலாம்.