நாலு பக்கப் பயணக் கதையை அரைப் பக்கத் திட்டமாக்குவது எப்படி?

ஊட்டி போய்வந்த ஒருவர் எழுதிய பயணக் கட்டுரையில் கல்லாறு தாண்டியதும் சூழ்ந்த பனி இருக்கும், குன்னூர் பிளாட்பாரத்தில் தின்ற வடை இருக்கும், சுரங்கத்துக்குள் பிள்ளைகள் போட்ட கூச்சலும் இருக்கும். படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதே பயணத்துக்குக் கிளம்பப் போகிறவருக்கு வேண்டியது நான்குதான். எந்த வழி, எவ்வளவு செலவு, எப்போது எது, எதில் கவனம்? கதை எழுதியவர் இந்த நான்கையும் தனியாகப் பிரித்துத் தரமாட்டார். நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம்:

“2023 மே மாதம், இரண்டு தம்பதிகளாக நான்கு பேர் சென்னையிலிருந்து கிளம்பினோம். மலை ரயிலுக்கு நான்கு மாதம் முன்பே புக் செய்திருந்தோம். நீலகிரி எக்ஸ்பிரஸ் அரை மணி லேட். மேட்டுப்பாளையத்தில் ஓடிப்போய் ஏறினோம். ஐந்து மணி நேரம் போனதே தெரியவில்லை. ஓர் இரவு தங்கினோம், மறுநாள் டாக்ஸியில் சுற்றினோம். இறங்கும்போது பஸ் டிராபிக்கில் மாட்டி, கோவையில் ரயிலைத் தவறவிடப் பார்த்தோம். மொத்தச் செலவு 16,000. ஆளுக்கு 4,000தான்!”

முதலில் தேட வேண்டியது தேதி. 2023 மே என்ற இரண்டு சொற்களே பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. மே என்றால் சீசன். அறை வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருந்த நேரம் அது. 2023 என்றால் இடையில் விதிகள் மாறியிருக்கலாம். உண்மையிலேயே மாறியிருக்கின்றன. ரயில் முன்பதிவுக் காலம் அப்போது 120 நாள். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே “நான்கு மாதம் முன்பே புக் செய்தோம்” என்பதை அப்படியே குறித்துக்கொண்டால், டிக்கெட் திறக்காத நாளில் போய்த் தேடிக்கொண்டிருப்போம். “முன்பதிவு திறக்கும் நாளிலேயே” என்று மாற்றி எழுத வேண்டும்.

அடுத்து வழி. ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வோர் இரண்டு ஊருக்கும் நடுவில் வண்டியின் பெயரை எழுதுங்கள். சென்னை, இரவு ரயில், மேட்டுப்பாளையம், மலை ரயில், ஊட்டி, பஸ், கோவை, ரயில், சென்னை. இப்படி எழுதியதும் கதையில் விட்டுப்போன கண்ணிகள் தெரியும். ஊட்டியில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்தான், அங்கே தொல்லையில்லை. ஆனால் ஊட்டி பஸ்கள் வழக்கமாக வந்து நிற்கும் கோவையின் மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையம் ரயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிக்க வேண்டும். கதையில் ஒரு வரியும் பெறாத அந்தத் துண்டுக்கும் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

நேரத்துக்கு வருவோம். “ஐந்து மணி நேரம்” என்பது மலை ஏறுவதற்கு. காலை 7.10க்குக் கிளம்பும் ரயில் ஊட்டி சேர நண்பகல் ஆகும். இறங்கும் ரயில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி வீதம் பாதை உயர்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால்தான் ஏற்றத்துக்கு அத்தனை நேரம். எனவே நேரத்தைக் குறிக்கும்போது எந்தத் திசை என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

நேரத்தில் இன்னொன்று, வண்டி மாறும் இடைவெளி. நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் சேர்வதற்கும் மலை ரயில் கிளம்புவதற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். “ஓடிப்போய் ஏறினோம்” என்ற வேடிக்கையான வரியில் இருப்பது இந்தச் செய்தி. வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால், முந்தைய நாளே மேட்டுப்பாளையம் வந்து தங்குவது நல்லது.

செலவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாதிரியில் வரும் 16,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு அறைகள் 7,000, டாக்ஸி 2,500, ரயில் பஸ் கட்டணம் ஆளுக்கு ஆயிரம் வீதம் 4,000, சாப்பாடு 2,500. இதில் கட்டணமும் சாப்பாடும் தலைக்கணக்கு, வாடகை அறைக்கணக்கு, டாக்ஸி வண்டிக்கணக்கு. ஒரு தம்பதி மட்டும் போனால் அறை 3,500, கட்டணம் 2,000, சாப்பாடு 1,250 என்று எல்லாம் பாதியாகும். டாக்ஸி மட்டும் அதே 2,500. மொத்தம் 9,250. ஆளுக்கு 4,000 அல்ல, 4,625. கதையில் வரும் “ஆளுக்கு இவ்வளவு” என்ற எண்ணை அடித்துவிட்டு, இந்த மூன்று கணக்காகப் பிரித்து எழுதினால்தான் உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தும்.

கடைசியாக எச்சரிக்கை. எழுதியவர் அலுத்துக்கொண்ட இடங்களிலெல்லாம் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அலுப்பை அப்படியே எழுதாமல், “எப்போது, யாருக்கு” என்று நிபந்தனையோடு எழுத வேண்டும். “டிராபிக்கில் மாட்டினோம்” என்பது “மே மாதம் இறங்கினால், கோவை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டுக் கிளம்பவும்” என்றாகும். கதையில் வராததையும் சேர்க்க வேண்டும். மே மாதம் போனவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது வழக்கம். 2023இல் போனவருக்கு இ-பாஸும் தெரியாது. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய அது கட்டாயம். ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ போனால் தேவையில்லை, சொந்தக் காரென்றால் epass.tnega.org தளத்தில் எடுக்க வேண்டும்.

இத்தனையும் சேர்ந்தால் கையில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

வழி: சென்னை – மேட்டுப்பாளையம் (இரவு ரயில்) – ஊட்டி (மலை ரயில்) – கோவை (பஸ்) – சென்னை (ரயில்). கோவையில் பஸ் நிலையத்திலிருந்து ரயிலடிக்கு ஆட்டோ.

நேரம்: காலை 7.10 மலை ரயில், ஏற ஐந்து மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் மாற ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

செலவு (2023 மே விலை): அறை 3,500, டாக்ஸி நாளுக்கு 2,500, கட்டணம் ஆளுக்கு 1,000, சாப்பாடு ஆளுக்கு 625.

கவனம்: 60 நாள் முன்பே முன்பதிவு, சீசனில் இறங்க இரண்டு மணி கூடுதல், மழைக்காலத்தில் ரயில் ஓடுகிறதா என்று பார்த்தபின் அறை போடவும், சொந்தக் காருக்கு இ-பாஸ்.

செலவுக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்தவர் அந்த எண்ணை இன்றைய விலையாக எடுத்துக்கொள்வார். இந்தச் சீட்டை யாருக்கு அனுப்பினாலும், கிளம்பும் வாரத்தில் ரயில் நேரம், கட்டணம், இ-பாஸ் விதி மூன்றையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.