பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு கடிதம்

தெருவின் பழைய கதையைப் படமாக்கும் இளைஞர்கள், 'தாத்தா வாய்விட்டுச் சரி சொல்லிவிட்டாரே' என்று நின்றுவிடுகிறார்கள். அது போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்தெந்த நாடுகளில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூபில் ஏற்றினால் படம் உலகெங்கும் போகிறதே!

ஆகவே கடிதத்தில் இப்படி வெளிப்படையாக எழுதலாம்: "ஐயா, உங்கள் கல்யாணப் படத்தையும், 1964 புயலைப் பற்றி நீங்கள் சொன்ன ஒலிப்பதிவையும் எங்கள் படத்தில் சேர்க்க அனுமதி கேட்கிறோம். கோயில் திருவிழாவிலும் இணையத்திலும், எல்லா நாடுகளிலும், காலவரம்பின்றிக் காட்டுவோம். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். முடிந்த படத்தை முதலில் உங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் பகுதியை நீக்கிவிடுவோம்."

படம் அவர் பெட்டியில் இருப்பதாலேயே உரிமையும் அவருடையது ஆகிவிடாது. அவர் காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்னதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை அவருடையதே. நண்பர் சும்மா எடுத்துத் தந்ததென்றால் உரிமை அந்த நண்பருக்கு. அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். அதனால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், யார் எடுத்தது என்று தாத்தாவிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண் மங்கியவருக்குக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. பேரனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்தை அன்றே கேட்காதீர்கள். யோசிக்க ஒரு வாரமாவது விடுங்கள்.