ரீச்சரின் ‘உது’, பிள்ளைகளின் ‘அது’

மாணவர்களின் பேச்சு தன் பேச்சிலிருந்து விலகிப்போவதைக் கவனிக்கும் முதிய ஆசிரியையைப் பற்றிக் கதை எழுதுபவருக்கு முதலில் கைக்கு எட்டுவது புதுச் சொற்கள்தான். பிள்ளைகள் ‘சூப்பர்’ என்கிறார்கள், ஆசிரியை முகம் சுளிக்கிறார். ஆனால் இத்தகைய சொற்கள் எல்லாத் தலைமுறையிலும் வந்து போகின்றன. பேச்சின் கட்டமைப்பு மாறும்போதுதான் கதைக்கு உரிய விலகல் தொடங்குகிறது. அதைக் காட்ட யாழ்ப்பாணம் நல்ல களம்.

தொல்காப்பியம் அ, இ, உ என்ற மூன்றையும் சுட்டெழுத்துகளாகச் சொல்கிறது. தமிழகத்தின் அன்றாடப் பேச்சில் மூன்றாவது மறைந்து, இதுவும் அதுவும் மட்டும் நிற்கின்றன. யாழ்ப்பாணப் பேச்சில் அது இன்றும் வழங்குகிறது: உது, உவன், உங்கை, உப்பிடி. பேசுபவரிடம் இருப்பது இது. கேட்பவரிடம் இருப்பது உது. இருவருக்கும் தள்ளி இருப்பது அது. கேட்பவர் இப்போதுதான் சொன்ன பேச்சையும் ‘உது’ என்று சுட்டுவது உண்டு.

ஓய்வை நெருங்கும் ஒரு ரீச்சரைக் கதையில் வைத்துப் பார்க்கலாம். அவர் கையில் ஒரு பெட்டி இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளை, “அது என்ன ரீச்சர்?” என்று கேட்கிறது. ரீச்சரின் தலைமுறையில் அந்த இடத்தில் வருவது “உது என்ன?”தான். இன்னொரு பிள்ளை, “எல்லாரும் நாளைக்கு வருவாங்க” என்கிறது. ரீச்சரின் வாயில் அது “வருவினம்”. “வருவாங்களா?” என்று பிள்ளை கேட்பதை அவர் “வருவினமோ?” என்று கேட்பார். மூன்றும் தனித்தனிச் சொற்கள் அல்ல. சுட்டு, வினைமுற்றின் விகுதி, கேள்வி விகுதி என்று வாக்கியத்தின் எலும்பிலேயே அவை இருக்கின்றன.

நல்ல கதாசிரியர் இங்கே ஒரு சோதனை வைப்பார். ரீச்சர், “உதைக் கொண்டு வா” என்கிறார். பிள்ளை தயங்காமல் தன் மேசையில் இருந்ததை எடுத்து வருகிறது. ஆக, பிள்ளைக்கு ‘உது’ புரிகிறது. ஆனால் தன் வாயால் சொல்வதில்லை. மொழியில் ஒரு வடிவம் விலகும்போது இது வழக்கமான நிலை: காதில் இருப்பது நாவில் இருப்பதைவிட நீண்ட நாள் நிற்கும். “உப்பிடிச் செய்யாதை” போன்ற கண்டிப்பு மொழியில் மட்டும் பிள்ளைகள் அதைச் சொல்வதாகக் காட்டினால், வடிவம் ஒடுங்கும் விதமும் புலப்படும்.

காரணத்தைச் சொல்லும் இடத்தில் கதைகள் அவசரப்பட்டுத் தொலைக்காட்சியைக் குற்றஞ்சாட்டுகின்றன. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் இலக்கணம் மாறுவது அரிது என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. பிள்ளைகள் தம்மோடு பேசிப் பழகும் மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசுகிறார்கள். போர்க்காலத்தில் தமிழகம் சென்று அங்கே வளர்ந்து திரும்பிய ஒரு தாயின் மகள் வகுப்பில் இருக்கிறாள், எல்லாருக்கும் அவளோடு விளையாட ஆசை என்று கதை சொன்னால், திரைப்பட வசனத்தைவிட அதுதான் நம்பத்தக்கது.

ரீச்சரின் காதையும் முழுதாக நம்ப முடியாது. பிள்ளைகள் வளர்ந்தபின் பெரியவர்களின் வடிவங்களுக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. அப்படியானால் அது வயதின் பேச்சு, மொழியின் மாற்றம் அல்ல. அத்துடன், கேட்பவரும் அசையாமல் நிற்பவர் இல்லை. ஜொனாதன் ஹாரிங்டனும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் அரசியின் கிறிஸ்துமஸ் உரைகளை ஒப்பிட்டது. 1950களில் இருந்த அவருடைய உயிரொலிகள் 1980களுக்குள், இளையவர்களிடம் பரவியிருந்த பொது உச்சரிப்பின் பக்கம் நகர்ந்திருந்தன. அரண்மனையில் இருந்தவருக்கே அப்படி என்றால், நாள்தோறும் முப்பது பிள்ளைகளோடு பேசும் ஆசிரியைக்குச் சொல்லவேண்டியதில்லை. தான் இளமையில் பேசிய ஒலிநாடா ஒன்று ரீச்சருக்குக் கிடைத்தால், இன்றைய தன் பேச்சே அதிலிருந்து எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்பது அவருக்குக் கேட்கும்.

கதையின் கனமான இடம் இதற்குப் பிறகு வருகிறது. கட்டுரைக் கொப்பியில் ‘உது’ என்றோ ‘வருவினம்’ என்றோ எழுதிய பிள்ளைகளுக்கு, இத்தனை ஆண்டுகளாகச் சிவப்பு மையால் அதை வெட்டி ‘அது’, ‘வருவார்கள்’ என்று திருத்தியது ரீச்சர்தான். எழுத்துத் தமிழ் கற்பிப்பது அவர் கடமை, அதில் தவறில்லை. ஆனால் வீட்டுப் பேச்சு வீட்டில் சரியானதுதான் என்று ஒருமுறையேனும் சொல்லியிருந்தாரா என்ற கேள்வியைக் கதை அவர் முன் வைக்கலாம். பிள்ளைகள் எழுத்தில் ‘வருவார்கள்’ என்பதையும் நண்பர்களிடம் ‘வருவாங்க’ என்பதையும் கற்றுக்கொண்டார்கள்; ‘வருவினம்’ சொல்ல அவர்களுக்கு இடம் வாய்க்கவில்லை. வீட்டில் அம்மம்மா இருக்கும் பிள்ளைகள் மட்டும் இரண்டு வழக்கையும் கைக்கொண்டிருப்பதை ரீச்சர் கவனிக்கிறார். அந்தப் பிள்ளைகளும் விளையாட்டுத் திடலுக்கு வந்ததும் ‘வருவாங்க’ என்றுதான் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.