எழுத்தில் ஒன்று, எண்ணில் ஒன்று

மதுரைக் கிளையில் நீங்கள் போடும் சென்னை வங்கியின் காசோலை இப்போது ஊர் விட்டு ஊர் போவதில்லை. அதன் படம் மட்டும்தான் போகிறது. ரிசர்வ் வங்கி 2008-இல் டெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் தொடங்கிய முறை இது. முன்பக்கத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படம், கறுப்பு வெள்ளையில் ஒரு படம், பின்பக்கத்துக்கு ஒன்று. பணம் கொடுக்க வேண்டிய வங்கியின் ஊழியர் பெரும்பாலும் இந்தப் படங்களைத் திரையில் பார்த்துத்தான் பாஸ் செய்கிறார், அல்லது திருப்பி அனுப்புகிறார்.

தொகையைச் சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. எண் கட்டத்தை முதலில் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால், எழுத்திலும் அதே தொகை இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். எழுத்தை முதலில் படித்து, மனதுக்குள் எண்ணாக்கிக்கொண்டு, பிறகுதான் கட்டத்துக்குப் போக வேண்டும்.

ஒரு காசோலையில் ‘ஒரு லட்சத்து எட்டாயிரத்து ஐநூறு மட்டும்’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம், எட்டாயிரம், ஐநூறு: ஆக 1,08,500. கட்டத்திலோ 1,80,500 இருக்கிறது. வித்தியாசம் 72,000. இது ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பழகிய சங்கதி. இங்கே எட்டும் பூஜ்யமும் இடம் மாறியிருக்கின்றன. அநேகமாக இது கைப்பிசகு.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆம் பிரிவில், இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது. ஆனாலும் வங்கிகள் பொதுவாக இப்படிப்பட்ட காசோலையைத் திருப்பிவிடுகின்றன. எழுதியவர் மனதில் இருந்த தொகை எது என்று ஊழியர் ஊகிக்கத் தேவையில்லை என்பதால், இதுவே சரி என்று எனக்குப் படுகிறது.

பொருந்தாத காசோலை பெரிய ஆபத்தில்லை. அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மோசடிக்காரர் திருத்திய காசோலையில் எழுத்தும் எண்ணும் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அவர் இரண்டையும் சேர்த்துத்தான் திருத்துவார். 8,500 ரூபாய்க்கு எழுதிய காசோலையில் முன்னால் இடம் விட்டிருந்தால், கட்டத்தில் ஒரு 2, எழுத்தில் ஒரு ‘இருபத்து’ போதும், 28,500 ஆகிவிடும்.

இதைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த 2, ரூபாய்க் குறியோடு ஒட்டிக்கொண்டு நெருக்கமாக நிற்கும்; மற்ற இலக்கங்கள் தாராளமாக இருக்கும். ‘இருபத்து எட்டாயிரத்து’ என்று பிரிந்து கிடக்கும். சரளமாக எழுதுகிறவர் ‘இருபத்தெட்டாயிரத்து’ என்று சேர்த்தே எழுதியிருப்பார். வேறு பேனா என்றால் சாம்பல் படத்தில் அந்தச் சொல்லின் கருமை மாறுபடும். மருந்து போட்டு அழித்து எழுதியிருந்தால், காகிதத்தின் மெல்லிய பின்னணிக் கோலம் அந்த இடத்தில் மட்டும் மங்கியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்தத் தடயம் பெரும்பாலும் காணாமல் போய்விடும். ஆகவே சந்தேகம் வந்தால் சாம்பல் படத்தைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அதிலும் தெளியாவிட்டால் மூலக் காசோலையையே கேட்டு வாங்க, பணம் கொடுக்கும் வங்கிக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. காகிதத்தின் நீரெழுத்தையும் புற ஊதா ஒளியில் தெரியும் வங்கிச் சின்னத்தையும் இந்தச் சாதாரணப் படங்கள் காட்டாது.

எழுதியவரே அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால்? முன்பு அது செல்லும். இந்தப் பட முறையில் பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால் செல்லாது; புதுக் காசோலைதான் எழுத வேண்டும். காலாவதியான தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

விடுபட்டவற்றில் கையெழுத்தும் தேதியும் முக்கியம். தேதி இருந்தும் பயனில்லாமல் போவது ஜனவரியில் அதிகம் நடக்கக்கூடியது. பழக்க தோஷத்தில் போன வருடத்தை எழுதிவிட்டால், மூன்று மாதக் கெடு தாண்டிய காசோலையாக அது திரும்பிவிடும்.

2021 ஜனவரி முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு ‘பாசிட்டிவ் பே’ வசதி இருக்கிறது. காசோலை எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை நாமே வங்கிக்கு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். படத்தோடு அவை ஒத்துப் பார்க்கப்படும். மேலே சொன்ன 28,500 ரூபாய்க் காசோலை அந்த வரம்புக்குள் வராது. அங்கே எழுதுகிறவரின் கைதான் காவல்: முதல் எழுத்தையும் முதல் இலக்கத்தையும் இடது ஓரத்தை ஒட்டியே தொடங்கி, ‘மட்டும்’ என்பதற்குப் பின் மிஞ்சும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும்.