அதிகம் வரும் சொற்களும் அகராதிக்குள் அடங்காத சொற்களும்

ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கும். ‘காவிரி’ என்று தேடினால் அது வரும் பக்க எண்களைத் தரும். அந்தச் சொல்லடைவில் ‘ஒரு’, ‘இந்த’, ‘என்று’ ஆகியவற்றை யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் புத்தகத்தின் எல்லாப் பக்க எண்களையும் எழுதி வைக்க வேண்டியிருக்கும், அதனால் யாருக்கும் பயனில்லை. கணினியில் லட்சக்கணக்கான கட்டுரைகளுக்குச் சொல்லடைவு தயாரிப்பவர்களும் முதலில் இப்படித்தான் நினைத்தார்கள். அடிக்கடி வரும் சொற்களை ஒரு பட்டியலில் போட்டு, அவற்றைச் சொல்லடைவில் சேர்க்காமல் விட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்டாப் லிஸ்ட்’ என்று பெயர். நாம் ஒதுக்குப் பட்டியல் என்போம்.

எந்த அளவுக்குச் சில சொற்கள் அடிக்கடி வருகின்றன? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1960-களில் குசேராவும் பிரான்சிசும் 1961-ல் அச்சான ஆங்கில எழுத்துகளிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் திரட்டி எண்ணிப் பார்த்தார்கள். முதலிடம் ‘தி’ என்ற சொல்லுக்கு, கிட்டத்தட்ட 70,000 முறை. அடுத்தது ‘ஆஃப்’, சுமார் 36,000. மூன்றாவது ‘அண்ட்’, சுமார் 29,000. வெறும் 135 சொற்களே மொத்தத்தில் பாதியை அடைத்துக்கொண்டன. மறுபுறம், அந்தத் தொகுப்பின் வேறுவேறு சொற்களில் ஏறத்தாழ பாதி, ஒரே ஒரு முறை மட்டும் தலைகாட்டின.

ஜார்ஜ் ஜிப்ஃப் என்ற அமெரிக்கர் இந்தச் சாய்வை விரிவாக ஆராய்ந்து 1949-ல் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டாம் இடத்துச் சொல் முதல் சொல்லில் பாதி முறையும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கும் வரும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. மேலே உள்ள எண்களைப் பாருங்கள்: இரண்டாவது ஏறக்குறையப் பொருந்துகிறது, மூன்றாவது 23,000-ஐத் தாண்டிவிட்டது. விதி அச்சு மாறாமல் பலிப்பதில்லை. ஆனால் சாய்வு மாறுவதில்லை.

இனி, இதற்கும் சொல்லடைவின் பருமனுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கலாம். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் 1996 - 97 ஆண்டுச் செய்திகள் சுமார் 8 லட்சம் கொண்ட ஒரு தொகுப்பு ஆய்வாளர்களிடையே பிரபலம். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது வரும் செய்திகளின் எண்களை மட்டும் எழுதினால் அது எளிய சொல்லடைவு. அதிகம் வரும் 150 சொற்களை ஒதுக்கினால் அதில் சுமார் 30 சதவீதப் பதிவுகள் குறைகின்றன. செய்திக்குள் சொல் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதையும் எழுதினால் அது இடம்காட்டும் சொல்லடைவு. அதில் குறைவது கிட்டத்தட்ட பாதி! 150 சொற்களுக்குப் பாதி இடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இங்கேதான் ஒரு திருப்பம். எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் இந்த லாபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். 8 லட்சம் செய்திகளுக்கு எண் கொடுக்க ஒவ்வோர் எண்ணுக்கும் 20 பிட் வேண்டும். ‘தி’ எல்லாச் செய்திகளிலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சத்தை 20-ஆல் பெருக்கினால் 160 லட்சம் பிட், அதாவது 20 லட்சம் பைட். ஆனால் எண்களை அப்படியே எழுதாமல், முந்தைய எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் எழுதலாமே? 1, 2, 3, 4 என்பதற்கு 1, 1, 1, 1 என்று ஆகிவிடும். சிறிய எண்ணைக் குறைந்த பிட்டில் எழுதும் குறியீடுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் 1 என்ற எண்ணுக்கு ஒரே ஒரு பிட்தான். எனவே ‘தி’ முழுவதும் ஒரு லட்சம் பைட்டில் முடிந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு! எந்தச் சொல் மிக அதிகமாக இடம் பிடிக்கிறது என்று பயந்து ஒதுக்கினோமோ, அதுதான் மிக எளிதாகச் சுருங்குகிறது. அபூர்வச் சொல்லின் இடைவெளிகளோ பெரிய எண்கள், அவை இப்படிச் சுருங்குவதில்லை.

இடம்காட்டும் சொல்லடைவில் இந்த அதிசயம் முழுதாக நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘தி’ ஏறக்குறைய 14 சொற்களுக்கு ஒரு முறை வருகிறது. 14 என்ற இடைவெளியை மேற்சொன்ன குறியீட்டில் எழுத 7 பிட் ஆகும். அங்கே சேமிப்பு சுமார்தான். நீண்ட பதிவை வாசிக்க நேரமும் செலவாகும். ஆனாலும் அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது.

ஒதுக்கிய சொல்லைப் பிறகு தேட முடியாது என்பதே அந்தக் காரணம். ‘வைட்டமின் ஏ’ என்று ஆங்கிலத்தில் தேடுபவருக்கு ‘ஏ’ ஒதுக்கப்பட்டால் எல்லா வைட்டமின்களும் வந்து விழும். தகவல் தொழில்நுட்பத்தைச் சுருக்கி ஐ.டி. என்கிறோம். புள்ளி நீக்கி, பெரிய எழுத்தைச் சிறியதாக்கினால் அது ‘இட்’ என்ற பிரதிப்பெயர். ஒதுக்குப் பட்டியலில் ஒரு தொழிலே காணாமல் போகும். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியின் தொடக்கச் சொற்களோ அனைத்துமே இந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. அதனால்தான் 200, 300 சொற்கள் என்று நீண்டிருந்த பட்டியல்கள் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கி, பெரிய தேடுபொறிகளில் பட்டியலே இல்லை என்ற நிலைக்கு வந்தன. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அது எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்பதைக் கொண்டே கணக்கிடும் முறையை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் முன்வைத்தார். எல்லாவற்றிலும் வருவதற்கு மதிப்பு பூஜ்யம். விலக்கி வைக்காமலேயே அது தரவரிசையில் செல்வாக்கை இழக்கிறது.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ‘தி’க்கு நம்மிடம் சொல்லே கிடையாது. ‘ஆஃப்’, ‘இன்’, ‘டு’ மூன்றும் வேற்றுமை உருபுகளாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘அண்ட்’ பெரும்பாலும் ‘உம்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வீட்டில்’ என்பதற்கு மூன்று சொல், அதில் இரண்டை ஒதுக்கலாம். தமிழில் வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீட்டிலிருந்து, வீட்டிலும் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்லாகச் சொல்லடைவில் ஏறும். அதனால் உச்சியில் எடை குறைவு, வால் மிக நீளம். ஒதுக்கிக் கிடைக்கும் இடம் ஆங்கிலத்தைவிடக் குறைவு. சொல்லடைவைச் சுருக்க விரும்புவோர் உருபுகளைப் பிரித்து ‘வீடு’ என்ற வேரைப் பிடிப்பதில் உழைத்தால் பலன் அதிகம்.

தமிழில் ‘ஒரு’, ‘என்று’, ‘இந்த’ போன்ற சிலவற்றை ஒதுக்கலாம் என்றாலும், பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினால் ஆபத்து. ‘சொன்ன படி’ என்று பிரித்து எழுதுவோருக்காகப் ‘படி’யைச் சேர்த்தால், மாடிப்படியும் போகும், அரிசி அளந்த படியும் போகும், டில்லியில் நம்மவர் ஆவலோடு எதிர்பார்க்கும் ‘பஞ்சப் படி’யிலும் பாதி போகும். ‘வரை’, ‘மேல்’ என்பவற்றுக்கும் இதே கதி. ‘இல்லை’யைச் சேர்ப்பது இன்னும் மோசம். மருந்துக் குறிப்பொன்றில் ‘பக்க விளைவு இல்லை’ என்று தேடுபவருக்கும் ‘பக்க விளைவு’ என்று தேடுபவருக்கும் ஒரே விடை கிடைக்கும்.

உங்கள் ஊர் நூலகத்தின் கணினி எந்தச் சொற்களை ஒதுக்குகிறது என்று அறிய வழி இருக்கிறது. அங்கே நிச்சயம் இருக்கும் ஒரு நூலின் பெயரில் ‘ஒரு’ இருந்தால், அந்தச் சொல்லை மட்டும் தட்டெழுதித் தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அது பட்டியலில் இருக்கிறது. பிறகு அதே சோதனையை ‘படி’க்கும் ‘இல்லை’க்கும் செய்து பாருங்கள்.